ஸ்ட்ராவில் இளநீர் ஏறுவது எப்படி, 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாதது ஏன்: செய்து பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சினால் இளநீர் மேலே வருகிறது. வாய் இழுக்கிறது, அதனால் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் வாய் எதையும் இழுப்பதில்லை. இளநீரை மேலே தள்ளுவது வெளியில் இருக்கும் காற்று. வாய் செய்வதெல்லாம் அந்தக் காற்றுக்கு எதிராக நிற்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வழிவிடுவதுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் மேட்டில் நின்றுகொண்டு 10 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் உறிஞ்ச முடியாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

வெறுமனே படித்தால் இது மனதில் தங்காது. கீழே சொல்வதை வரிசையாகச் செய்து பாருங்கள். முதல் மூன்று படிகளுக்குச் சமையலறைப் பொருள்களும் ஒரு டியூபும் போதும். நான்காவதற்கு மொட்டை மாடியும் கூட இரண்டு பேரும் வேண்டும்.

முதலில், நடப்பது என்ன

நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அதற்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. டம்ளரில் உள்ள தண்ணீரின் மேற்பரப்பையும் அது அழுத்துகிறது, ஸ்ட்ராவுக்குள் இருக்கும் தண்ணீரையும் அதே அளவு அழுத்துகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது.

இப்போது ஸ்ட்ராவை உதட்டால் மூடி, நாக்கைக் கீழே இறக்குகிறீர்கள். வாய்க்குள் இடம் கூடுகிறது. உள்ளே இருந்த அதே காற்று அதிக இடத்தில் பரவுவதால் அதன் அழுத்தம் குறைகிறது. வெளியே டம்ளரை அழுத்தும் காற்றோ மாறவில்லை. தராசில் ஒரு தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டது போலத்தான் இது: நாம் எதையும் தூக்கவில்லை, எதிர்த்தட்டு தன் பாரத்தால் இறங்குகிறது, நம் பக்கம் ஏறுகிறது. ஸ்ட்ராவுக்குள் ஏறிய தண்ணீரின் எடை அந்த வித்தியாசத்துக்குச் சமமாகும் வரை ஏற்றம் தொடரும்.

எவ்வளவு குறைத்தால் போதும்? 20 சென்டிமீட்டர் ஸ்ட்ராவுக்குக் காற்றழுத்தத்தில் வெறும் 2 சதவீதம் குறைந்தால் போதும். அதனால்தான் சின்னக் குழந்தைகூட ஸ்ட்ராவில் குடித்துவிடுகிறது.

படி 1: காற்றை வெளியே நிறுத்திப் பாருங்கள்

ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. அது சப்பிப்போய் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். மூடியில் ஸ்ட்ரா நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவையோ உருக்கிய மெழுகையோ வைத்து அடையுங்கள். பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்று கிட்டத்தட்ட இல்லாதபடி மூடியை இறுக்குங்கள்.

இப்போது உறிஞ்சுங்கள். சில சொட்டு வரும், அதோடு சரி. கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு உறிஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. வாய் இழுப்பது உண்மையானால் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், பாட்டிலுக்குள் தண்ணீரைத் தள்ள வெளிக்காற்றுக்கு வழியில்லை. மூடியை அரைச்சுற்று தளர்த்துங்கள், உடனே வாய்க்குள் வந்து விழும்.

டெட்ரா பாக்கெட் ஜூஸில் ஸ்ட்ராவைச் சுற்றிக் காற்று நுழைய இடமில்லையே, அது எப்படி வருகிறது என்று கேட்கலாம். அங்கே வெளிக்காற்று பாக்கெட்டின் சுவரையே உள்ளே அமுக்கி ஜூஸைத் தள்ளுகிறது. குடித்து முடிக்கும்போது பாக்கெட் ஒட்டிச் சுருங்கியிருப்பது அதனால்தான்.

படி 2: இரண்டு ஸ்ட்ரா

இரண்டு ஸ்ட்ராவை ஒன்றாக வாயில் வையுங்கள். ஒன்றின் நுனி டம்ளர் தண்ணீருக்குள், இன்னொன்றின் நுனி வெளியே காற்றில். உறிஞ்சினால் தண்ணீர் ஏறாது, அல்லது தடுமாறிக் கொஞ்சம் ஏறி இறங்கும். வாய்க்குள் நீங்கள் குறைக்கும் அழுத்தத்தை, வெளியே இருக்கும் ஸ்ட்ரா வழியாகக் காற்று வந்து உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகிறது. ஒரே ஸ்ட்ராவில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஊசியால் ஓட்டை போட்டாலும் இதே கதைதான். சின்ன ஓட்டையாக இருந்தால் தண்ணீரும் காற்றும் கலந்து குளகுளவென்று வரும்.

இந்தக் குளகுள சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் ‘ஏர் இழுக்குது’ என்று சொல்வார்களே, அது இதே கோளாறுதான். சக்‌ஷன் பைப்பின் ஜாயின்ட் ஒன்றில் தண்ணீர் வெளியே கசியவே கசியாது. ஆனால் அதே இடம் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம் என்பதால் கசிவு எப்போதும் உள்நோக்கியே நடக்கும். அதனால் ஈரத்தைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: உங்கள் மூச்சின் அளவு எவ்வளவு

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த டியூப் லெவல் போன்ற ஒளி ஊடுருவும் டியூப், சுமார் 6 மில்லிமீட்டர் உள்விட்டத்தில், 4 மீட்டர் நீளம் வாங்குங்கள். விரலால் லேசாக அழுத்தினாலே சப்பிப்போகும் டியூபாக இருந்தால் வேண்டாம். வேலை நடுவில் வெளிக்காற்றே அதைச் சப்பி அடைத்துவிடும். மாடிப்படியின் அடியில் ஒரு வாளித் தண்ணீர். டியூபின் ஒரு முனை வாளிக்குள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, உறிஞ்சிப் பாருங்கள். தண்ணீருக்கு நிறம் தெரிய ஒரு சொட்டு நீலம் கலந்துகொள்ளலாம், ஆனால் அப்போது அதைக் குடிக்காதீர்கள்.

நெஞ்சை விரித்து நுரையீரலால் மட்டும் இழுத்தால் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் ஏறும். நல்ல வலுவுள்ளவர்கள் அதைக் கொஞ்சம் தாண்டுவார்கள். மூச்சுத்தசைகளின் எல்லை அவ்வளவுதான். ஆனால் வாயால் மட்டும் உறிஞ்சும் வித்தை வேறு. வாயின் சின்ன இடத்தில் நாக்கைக் கீழிறக்கி உறிஞ்சி, உடனே டியூபின் வாயை நாக்கு நுனியால் அடைத்து, அந்தக் காற்றை வெளியே விட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். இப்படிப் படிப்படியாகச் செய்தால் இன்னும் மேலே ஏற்றலாம், பழகினவர்கள் சில மீட்டர் வரை போவார்கள். தலை சுற்றினால் நிறுத்துங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இந்தப் படியை வேடிக்கை பார்த்தால் போதும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அகலமான டியூபில் உறிஞ்சினால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதனால் உயரத்தின் எல்லை டியூபின் அகலத்தைப் பொறுத்தது என்று தோன்றும். அப்படி இல்லை. 6 மில்லிமீட்டர் டியூபில் 3 மீட்டர் நீளத்துக்கு சுமார் 85 மில்லிலிட்டர் காற்றுதான் இருக்கிறது, அதை வெளியேற்றினால் போதும். ஒரு அங்குல டியூபில் அதே நீளத்துக்கு ஒன்றரை லிட்டர் இருக்கிறது. வேலை கூடுகிறது, நேரம் கூடுகிறது. ஆனால் 3 மீட்டர் தண்ணீரைத் தாங்கத் தேவையான அழுத்த வித்தியாசம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

படி 4: எல்லையைக் கண்ணால் பாருங்கள்

உறிஞ்சுவதில் மிகச் சிறந்த நிலை எது? மேலே அழுத்தமே இல்லாமல் செய்துவிடுவது. அதற்கு மேல் குறைக்க எதுவும் இல்லை. அப்போது வெளிக்காற்று தன் முழு பலத்தோடு தண்ணீரைத் தள்ளும். அந்த முழு பலம் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

```
h = P / (ρ × g)
  = 101325 / (1000 × 9.81)
  ≈ 10.33 m
```

P என்பது காற்றழுத்தம், ρ தண்ணீரின் அடர்த்தி, g புவியீர்ப்பு. இந்தச் சூத்திரத்தில் உறிஞ்சுபவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். யானை உறிஞ்சினாலும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் உறிஞ்சினாலும் 10.33 மீட்டர்தான். வாயால் வெற்றிடம் உண்டாக்க முடியாது என்பதால், வாயை விட்டுவிட்டு வேறு வழியில் இதைப் பார்ப்போம்.

நூல் பின்னிய, தடித்த சுவருள்ள, ஒளி ஊடுருவும் ஓஸ் பைப் 13 மீட்டர் வாங்குங்கள். அரை அங்குலம் போதும். தண்ணீரை முந்தின நாளே கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று மேலே போய் வெளியேறி அளவைக் கெடுக்கும். பைப் முழுவதையும் பெரிய தொட்டியில் அமிழ்த்தி ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்புங்கள். ஒரு முனையில் பால் வால்வு வைத்து கிளிப் போட்டு இறுக்குங்கள். மறு முனை தண்ணீர் உள்ள வாளிக்குள் மூழ்கியே இருக்க வேண்டும், அந்த முனையைத் திறந்தே விடுங்கள். வாளியின் விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், பைப்பிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அது தேவைப்படும்.

வால்வு உள்ள முனையைக் கயிற்றில் கட்டி, தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி உள்ள வீட்டின் மொட்டை மாடியிலிருந்து மெதுவாக மேலே இழுங்கள். இழுப்பவர் கைப்பிடிச் சுவருக்கு உள்ளேயே நிற்கட்டும், எட்டிப் பார்க்க வேண்டாம். பைப் மடியாமல் இருக்க மேல் முனையோடு ஒரு கம்பைச் சேர்த்துக் கட்டுவது நல்லது.

எட்டு மீட்டர், ஒன்பது மீட்டர் வரை எதுவும் நடக்காது. வால்வு வரை தண்ணீர் நிறைந்தே வரும். ஏறக்குறைய 10 மீட்டரில், வால்வு மேலே போக, தண்ணீர் அதனோடு போக மறுத்துவிடும். மேலே ஒரு இடைவெளி திறக்கும். தண்ணீரின் மேற்பரப்பில் குமிழிகள் கிளம்பும். அடுப்பே இல்லாமல் அது கொதிக்கிறது. இன்னும் ஒரு மீட்டர் இழுங்கள், இடைவெளிதான் நீளும், தண்ணீர் மட்டம் அங்கேயே நிற்கும். வாளி மட்டத்திலிருந்து நேர் செங்குத்தாக டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கணக்கு 10.33 என்றது, நீங்கள் அளந்தது 9.9 அருகில் இருக்கும். அது பிழையல்ல. மேலே திறந்த இடம் முழு வெற்றிடம் அல்ல, அதில் நீராவி நிறைகிறது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல். அது கீழ்நோக்கி அழுத்துவதால் 40 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போய்விடுகிறது. வெந்நீரை வைத்துச் செய்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். கொதிநிலைக்கு அருகில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி ஏற்றவே முடியாது.

அளவு 9 மீட்டருக்கும் கீழே வந்தால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மேல் முனையை மெதுவாக 8 மீட்டருக்கு இறக்குங்கள். இடைவெளியில் இருந்தது நீராவி மட்டும் என்றால் அது முழுக்க மூடிக்கொள்ளும், சற்று வேகமாக இறக்கினால் டக்கென்று சத்தம்கூட வரும். ஒரு குமிழி மூடாமல் மிஞ்சினால் அது காற்று. கிளிப்பை இறுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இறக்குவதற்கு முன் இன்னொன்றையும் செய்யுங்கள். மேல் முனையைப் பக்கவாட்டில் நகர்த்தி பைப்பைச் சாய்த்துப் பாருங்கள். பைப்புக்குள் நீரின் நீளம் கூடும், ஆனால் செங்குத்து உயரம் மாறாது.

கயிறு அறுவதாக கலீலியோ நினைத்தார்

இந்த எல்லையை முதலில் கண்டவர்கள் பம்ப் வேலை செய்தவர்கள். 18 இத்தாலிய முழத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல், பம்ப் தண்ணீர் எடுக்காது என்று ஒரு தொழிலாளி சொன்னதை கலீலியோ 1638இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அவர் தந்த விளக்கம்: நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துபோவதைப் போல, நீர்த்தூணும் தன் எடை தாங்காமல் அறுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் மொட்டை மாடியில் பார்த்த இடைவெளியும் அறுந்த கயிறு மாதிரியேதான் தெரியும்.

ரோமில் காஸ்பரோ பெர்ட்டி ஒரு நீண்ட ஈயக் குழாயை நிறுத்தி ஏறக்குறைய நீங்கள் செய்ததையே செய்தார். அதன் பிறகு 1644இல் இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைப் பற்றி எழுதினார். 10.33ஐ 13.6ஆல் வகுத்தால் 0.76. பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது. மாடி ஏற வேண்டியதில்லை, மேசைமேல் வைத்தே பார்க்கலாம். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் கடலின் எடைதான் இதைத் தாங்குகிறது என்பது அவர் கருத்து.

கயிறா, காற்றா என்பதைத் தீர்த்து வைத்தது 1648 செப்டம்பர் 19. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்னபடி அவருடைய சகோதரியின் கணவர் பெரியே, பிரான்ஸில் உள்ள புய் டி டோம் மலைமேல் பாதரசக் குழாயைக் கொண்டுபோனார். கயிறு தன் எடையால்தான் அறுகிறது என்றால் மலைமேலும் அடிவாரத்திலும் ஒரே நீளத்தில்தான் அறுக வேண்டும். ஆனால் உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்கு மேலிருக்கும் காற்று குறைகிறது, அது தாங்கும் தூணும் குறைகிறது. அதே படி 4ஐ ஊட்டியில், 2240 மீட்டர் உயரத்தில் செய்தால் கணக்குப்படி 7.9 மீட்டருக்கு அருகிலேயே தண்ணீர் நின்றுவிடும்.

தென்னை மரம் 20 மீட்டருக்குத் தண்ணீர் ஏற்றுகிறதே என்று கேட்பவர்களுக்கு: மரத்தின் நுண்குழாய்களில் குமிழி இல்லாத தொடர்ச்சியான நீரிழை இருக்கிறது. இலையில் ஆவியாகும் நீர், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பலத்தால் அந்த இழையை உண்மையாகவே இழுக்கிறது. கலீலியோவின் கயிறு அங்கே பொருந்துகிறது. ஸ்ட்ராவுக்கும் மோட்டாருக்கும்தான் பொருந்தவில்லை.

படி 5: கிணற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கிணறு. மேட்டில் மோட்டார். தண்ணீர் 25 அடியில், அதாவது 7.6 மீட்டரில் நிற்கிறது. எல்லை 10 மீட்டர் என்று படித்துவிட்டு, 7.6தானே, எடுக்கும் என்று மோட்டாரை மாட்டினால் ஏமாற்றம்தான். கணக்கு இப்படிப் போக வேண்டும்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கையிருப்பு 9.85 மீட்டர். ஆவியழுத்தத்துக்கு 0.4 போகிறது. சக்‌ஷன் பைப், பெண்டு, புட்வால்வு எல்லாவற்றிலும் உராய்வுக்கு ஒரு மீட்டர் என்று வையுங்கள். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் தண்ணீர் கொதித்துக் குமிழியாகாமல் இருக்க பம்ப் தனக்கென்று ஒரு பங்கு கேட்கும். பம்ப்பைத் தயாரித்தவர்கள் தரும் விவரத் தாளில் அது இருக்கும், இங்கே 2.5 மீட்டர் என்று கொள்வோம். மிச்சம் 5.95 மீட்டர், ஏறக்குறைய 20 அடி. 25 அடித் தண்ணீருக்கு இது எட்டாது.

20 அடியில் தண்ணீர் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்ட ஓட்டக் கிணற்று மட்டம் இறங்கும். காலையில் நன்றாக எடுத்த மோட்டார் சிறிது நேரத்தில் உள்ளே ஜல்லிக்கல் உருள்வது போலச் சத்தம் போட ஆரம்பிக்கும். நீராவிக் குமிழிகள் இம்பெல்லருக்குள் வெடித்து அடங்கும் சத்தம் அது. மொட்டை மாடியில் நீங்கள் கேட்ட ‘டக்’கின் பெருக்கம். அப்படியே ஓட்டினால் நாளடைவில் இம்பெல்லர் குழி குழியாக அரித்துப்போகும். இதற்குப் பெரிய மோட்டார் வாங்குவது காசைக் கரைக்கும் வேலை. அது அதிகத் தண்ணீர் இழுக்கப் பார்க்கும், உராய்வு கூடும், நிலைமை இன்னும் மோசமாகும்.

செய்ய வேண்டியது மோட்டாரைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோவதுதான். கொங்குப் பகுதியில் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைப்பது இதற்காகத்தான். போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. தெருவில் பார்க்கும் இந்தியா மார்க் II கைப்பம்பிலும் சிலிண்டர் ஆழத்தில் தண்ணீருக்குள் இருக்க, மேலே நாம் அடிப்பது கம்பியைத்தான். ஜெட் பம்ப் மேலேயே இருந்தாலும், கொஞ்சம் தண்ணீரை இன்னொரு பைப்பில் வேகமாகக் கீழே அனுப்பி அடியிலிருந்து தள்ளிவிடுகிறது. இவை எல்லாமே கீழிருந்து தள்ளுபவை. தள்ளுவதற்குக் காற்றழுத்த எல்லை கிடையாது, பைப்பும் மோட்டாரும் தாங்கினால் நூறு அடிக்கும் போகலாம்.

மோட்டாரை இறக்க வழியில்லாதவர்கள் சக்‌ஷன் பைப்பை ஒரு சைஸ் பெரிதாக்கி, பெண்டுகளைக் குறைத்து, புட்வால்வின் சல்லடையைக் கழுவிப் பாருங்கள். உராய்வில் அரை மீட்டர் மிஞ்சினால் அரை மீட்டர் ஆழம் கூடக் கிடைக்கும். ஏர் இழுக்கும் ஜாயின்ட்டைத் தேட, மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை எங்கே உள்ளே இழுத்துக்கொள்கிறதோ, அங்கே அவிழ்த்து நூல் சுற்றி மாட்ட வேண்டும்.